கோடு விழாத பக்கம்

2004 ஜனவரி, மார்கழி மாதம். சிட்னியில் காலை பத்தரைக்கு ஆட்டம் தொடங்கினால் நமக்கு விடிகாலை ஐந்து மணி. தெருக்கோடிக் கோயிலில் ஒலிபெருக்கி கரகரத்து, திருப்பாவை தொடங்கும் நேரத்தில் எங்கள் வீட்டில் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் போர்வையோடு உட்கார்ந்திருப்பேன். இந்தியா முதலில் ஆடிய அந்த டெஸ்டின் இரண்டாம் நாளில் சச்சின் டெண்டுல்கர் இரட்டைச் சதம் தாண்டினார். திரையில் ஒரு வட்டம் வந்தது. அதற்குள் ஒரு புள்ளியிலிருந்து பல கோடுகள் கிளம்பியிருந்தன. வட்டத்தின் ஒரு பாதி, மழைக்குப் பிந்திய வயல்போல அடர்ந்து கிடந்தது. மறுபாதியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கோடுகள்தான்.

அதற்கு முன்பும் நூறு முறை அந்த மாதிரிப் படத்தைப் பார்த்திருப்பேன். பார்த்தேனே தவிர, வாசித்ததில்லை. கோடுகள் நிறைய இருக்கும் பக்கத்தைக் கண்டு ‘இங்கே நன்றாக அடித்திருக்கிறார்’ என்று சொல்லிவிட்டுக் காபி எடுக்கப் போய்விடுவேன். கோடு இல்லாத பக்கத்திலும் படிக்க ஏதோ இருக்கிறது என்று எனக்கு உறைத்தது அன்றைக்குத்தான்.

அந்தப் படத்தின் பெயர் வேகன் வீல், அதாவது வண்டிச் சக்கரம். நடுவில் குடம், அதிலிருந்து விரியும் ஆரக்கால்கள், சுற்றி வட்டை என்று மாட்டு வண்டிச் சக்கரத்தைப் பார்த்தவர்களுக்குப் பெயரின் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பேட்டர் எடுத்த ஒவ்வொரு ரன்னுக்கும் பந்து எந்தத் திசையில் போனது, எங்கே நின்றது என்பதை ஒரு கோடாகப் போடுவார்கள். ஒன்று, இரண்டு, நான்கு, ஆறு என்று ரன்னுக்கேற்பக் கோட்டின் நிறம் மாறும். ஒவ்வொரு தொலைக்காட்சியும் தனக்குப் பிடித்த நிறங்களை வைத்துக்கொள்வதால், ஓரத்தில் உள்ள நிறக்குறிப்பைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும்.

கணினிக்கு வெகுகாலம் முன்பே இது வந்துவிட்டது. இதைத் தொடங்கி வைத்தவர் என்று சொல்லப்படுபவர் பில் ஃபெர்குசன், சிட்னிக்காரர். தன் பற்களைப் பார்த்த மருத்துவரிடமே வேலை கேட்டார் என்பார்கள். அந்தப் பல் மருத்துவர் ஆஸ்திரேலிய ஆட்டக்காரர் மான்டி நோபிள். 1905இல் இங்கிலாந்து போன ஆஸ்திரேலிய அணியோடு ஃபெர்குசன் ஸ்கோர் எழுதவும் மூட்டை முடிச்சுகளைப் பார்த்துக்கொள்ளவும் கப்பலேறினார். அதன் பிறகு ஐம்பது வருடம் போல பல நாட்டு அணிகளோடு அதே வேலையாகச் சுற்றினார். ஸ்கோர் புத்தகம் எத்தனை ரன் என்று சொல்லும், எங்கே போனது என்று சொல்லாது. அந்தக் குறையைத் தீர்க்க அவர் ஒவ்வொரு அடிக்கும் கையால் கோடு போட்டார். 1930இல் லீட்ஸில் டான் பிராட்மேன் 334 எடுத்தபோதும் ஆஸ்திரேலிய அணிக்கு ஸ்கோர் எழுதியவர் அவர்தான்.

இனி படத்துக்குள் போவோம். முதலில் தேட வேண்டியது நடுவிலுள்ள சின்னச் செவ்வகத்தை. அதுதான் பிட்ச். அதன் எந்த முனையிலிருந்து கோடுகள் கிளம்புகின்றனவோ அங்கே பேட்டர் நிற்கிறார். டிவியில் ஆட்டம் பார்ப்பதுபோலப் பந்துவீச்சாளருக்குப் பின்னால் நாம் நிற்பதாக வைத்துக்கொண்டால் பேட்டர் மேல்முனையில் இருப்பார். வலக்கை ஆட்டக்காரரின் ஆஃப் சைடு நமக்கு இடப்பக்கம், லெக் சைடு வலப்பக்கம். மேலே இடது மூலையில் தேர்ட் மேன். அங்கிருந்து கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் இறங்கி வந்தால் பாயிண்ட், கவர், லாங் ஆஃப். அடியைத் தாண்டி வலப்பக்கம் ஏறினால் லாங் ஆன், மிட்விக்கெட், ஸ்கொயர் லெக், மேலே ஃபைன் லெக். இடக்கை ஆட்டக்காரர் என்றால் எல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் மாறும். சவுரவ் கங்குலியின் கவர் டிரைவ் கீழே வலப்பக்கம் விழும். சில படங்களில் பேட்டர் கீழ்முனையில் நிற்பார், அப்போதும் பக்கங்கள் புரளும். இதைக் கவனிக்காமல் லெக் சைடு ஆட்டத்தை ஆஃப் சைடு என்று எடுத்துக்கொண்டு வாதாடியவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் ஒருமுறை அப்படி வாதாடியிருக்கிறேன்.

செவ்வகத்தைத் தேடச் சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வட்டத்தின் மையம் பிட்சின் நடுவில் இருக்கிறது. கோடுகளோ பேட்டர் நிற்கும் முனையிலிருந்து கிளம்புகின்றன. பிட்சின் நீளம் 22 கஜம், சுமார் 20 மீட்டர். அதில் ஏறக்குறையப் பாதித் தூரம் பேட்டர் மையத்திலிருந்து தள்ளி நிற்கிறார். அதனால் கீப்பருக்குப் பின்னால் போகும் பவுண்டரிக் கோடு குட்டையாகவும், பந்துவீச்சாளரைத் தாண்டிப் போகும் பவுண்டரிக் கோடு நீளமாகவும் தெரியும். இரண்டும் நான்கு ரன்தான். நீளத்தைப் பார்த்து வலிமையைக் கணக்கிடக் கூடாது.

மைதானத்தின் உண்மையான திசைகளையும் இந்தப் படத்தில் தேட வேண்டாம். சிட்னியில் ஒரு முனை பேடிங்டன் முனை, எதிர்முனை ராண்ட்விக் முனை. ஓவருக்கு ஓவர் பந்துவீசும் முனை மாறுவதால், இந்த ஓவரில் மிட்விக்கெட்டில் அடித்த பந்து மைதானத்தின் ஒரு பக்கம் போனால், அடுத்த ஓவரில் அதே அடி எதிர்ப்பக்கம் போகும். படம் போடும்போது எல்லாவற்றையும் ஒரே முனையிலிருந்து அடித்ததுபோலத் திருப்பி வைத்துவிடுகிறார்கள். ஒரு பக்கத்து எல்லை கிட்டத்தில் இருந்தது, காற்று ஒரு திசையில் அடித்தது என்பதெல்லாம் இந்தத் திருப்பலில் காணாமல் போகும். இருபது ஓவர் ஆட்டத்தில் ஒருவர் ஏன் ஒரே பக்கம் சிக்ஸர் அடித்தார் என்று இதை மட்டும் வைத்துத் தேடினால் ஏமாந்துபோவோம்.

அடுத்து, கோட்டின் முனை. பவுண்டரி என்றால் பந்து எல்லையைக் கடந்த இடம். மற்ற ரன்களுக்கு ஃபீல்டர் பந்தை எடுத்த இடம். இந்த இரண்டாவது வாக்கியத்தைக் கொஞ்சம் அசை போட வேண்டும். ஒற்றை ரன்னுக்கான கோடு ஒன்று எல்லைக்கோடு வரை நீண்டிருந்தால், அங்கே ஒரு ஃபீல்டர் காவலுக்கு நிற்கிறார் என்று அர்த்தம். அவர் இல்லாவிட்டால் அது நான்காகியிருக்கும். அதே ஒற்றை ரன் கோடு வட்டத்தின் பாதியிலேயே முடிந்தால், பந்தை மெல்லத் தட்டிவிட்டு ஓடியிருக்கிறார், அல்லது ஃபீல்டருக்குப் பக்கவாட்டில் விட்டு ஓடியிருக்கிறார். ஆக ஒற்றை ரன்களின் கோடுகள் பேட்டரைப் பற்றிச் சொல்வதைவிட எதிரணிக் கேப்டன் யாரை எங்கே நிறுத்தியிருந்தார் என்பதைத்தான் அதிகம் சொல்கின்றன. படத்தில் ஃபீல்டர்கள் தெரிய மாட்டார்கள். ஆனால் ஒரே இடத்தில் பல ஒற்றை ரன் கோடுகள் வந்து குவிந்தால், அந்த இடத்தில் பெரும்பாலும் ஒருவர் நின்றிருக்கிறார்.

அப்படியே தேர்ட் மேன் பக்கமும் ஃபைன் லெக் பக்கமும் போகும் பவுண்டரிக் கோடுகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். மட்டையின் வெளி விளிம்பில் பட்டு ஸ்லிப்புக்கு நடுவே புகுந்த பந்தும், அழகாகத் திருப்பிவிட்ட லேட் கட்டும் ஒரே நிறத்தில், ஒரே திசையில், ஒரே கோடாகத்தான் விழும். உள் விளிம்பில் பட்டு ஸ்டம்பை உரசாமல் ஓடிய பந்தும் ஃபைன் லெக் கணக்கில் ஒரு நான்கு. அன்றைய வர்ணனை நினைவில் இருந்தாலோ, பந்துக்குப் பந்து எழுதிய குறிப்பு கையில் இருந்தாலோதான் இவற்றைப் பிரிக்க முடியும்.

இப்போது சிட்னிக்குத் திரும்புகிறேன். அந்தத் தொடரில் டெண்டுல்கர் அதற்கு முன் ஆடிய ஐந்து இன்னிங்ஸ்கள்: பிரிஸ்பேனில் 0, அடிலெய்டில் 1, 37, மெல்போர்னில் 0, 44. மொத்தம் 82 ரன். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தைத் தேடிப்போய் ஆடுவதுதான் தனக்கு வினையாகிறது என்று முடிவு செய்து, கவர் டிரைவை ஒதுக்கிவைத்துவிட்டு சிட்னியில் இறங்கினார். அவருடைய மிக அழகான அடிகளில் ஒன்று அது. ஒரு பாடகர் தனக்குப் பேர் வாங்கித் தந்த ராகத்தைத் தொடாமல் முழுக் கச்சேரியையும் முடிப்பதுபோல் எனக்குப் பட்டது.

கடைசிக் கணக்கு இது: 436 பந்துகள், 613 நிமிடங்கள், 33 பவுண்டரிகள், ஆட்டமிழக்காமல் 241. சிக்ஸர் ஒன்றுகூட இல்லை. இந்த 241இல் 188 ரன் லெக் சைடில் வந்தது. 33 பவுண்டரிகளில் 28 லெக் சைடில். பத்து மணி நேரத்துக்கும் மேல் நின்றவர் ஆஃப் சைடில் எடுத்தது 53 ரன்தான்.

பொதுவாக டிவி இவ்வளவோடு நிறுத்திக்கொள்ளும். ‘லெக் சைடு 78 சதவீதம்’ என்று ஒரு எண்ணைப் பெரிதாகப் போட்டுவிட்டு அடுத்த பந்துக்குப் போய்விடும். நாம் இன்னும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம், பள்ளிக்கூடக் கணக்கு போதும். லெக் சைடில் 28 பவுண்டரி என்றால் 112 ரன். மீதி 76 ரன் ஓடி எடுத்தவை. ஆஃப் சைடில் 5 பவுண்டரி, 20 ரன். மீதி 33 ரன் ஓடி எடுத்தவை. லெக் சைடில் எடுத்ததில் பாதிக்கு மேல் பவுண்டரி. ஆஃப் சைடில் பாதிக்கு மேல் ஓட்டம். அதாவது ஆஃப் சைடில் அவர் ரன்னே எடுக்கவில்லை என்பது தவறு. அங்கே அடித்து எடுக்கவில்லை, தட்டி எடுத்தார். நிறத்தைப் பார்க்காமல் கோடுகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இந்த வித்தியாசம் கண்ணில் படாது.

சதவீத எண்ணில் இன்னொரு சிக்கல். ஆஃப், லெக் என்று பிரிக்கும் கோடு நடு ஸ்டம்பு வழியாக நேராக ஓடுகிறது. பந்துவீச்சாளரை ஒட்டிப் போகும் நேர் டிரைவ் அந்தக் கோட்டுக்கு ஒரு முழம் இந்தப் பக்கம் போனால் ஆஃப், அந்தப் பக்கம் போனால் லெக். இரண்டும் ஒரே மாதிரிப் பந்துக்கு ஒரே மாதிரி ஆடிய அடிதான். அதனால் படத்தை இரண்டு பாதியாகப் பார்ப்பதைவிட எட்டுத் துண்டாகப் பார்ப்பது மேல். சிட்னிப் படத்தில் முக்கியமான சேதி, லெக் சைடு நிறைந்திருந்தது என்பதைவிட, பாயிண்டுக்கும் லாங் ஆஃபுக்கும் நடுவே உள்ள கவர் துண்டு ஒட்டிய வயிறாகக் கிடந்தது என்பதுதான்.

சரி, ஒரு துண்டு காலியாக இருந்தால் என்ன அர்த்தம்? மூன்று காரணம் இருக்கலாம். பேட்டருக்கு அந்தப் பக்கம் ஆடத் தெரியவில்லை. அல்லது அந்தப் பக்கம் ஆடும்படியான பந்து அவருக்குப் போடப்படவில்லை. அல்லது பந்து வந்தது, ஆடவும் தெரியும், ஆடவில்லை. படத்தில் மூன்றும் ஒன்றுபோலவே வெள்ளையாக இருக்கும்.

முதல் காரணத்தை டெண்டுல்கர் விஷயத்தில் யாரும் நம்பப் போவதில்லை. ஆனால் புது ஆட்டக்காரர் ஒருவரின் ஒரே ஒரு இன்னிங்ஸை வைத்துக்கொண்டு, ‘இவருக்கு ஆஃப் சைடில் ஆட வராது’ என்று எழுதுவதைப் பார்க்கிறோம். சிட்னிப் படத்தில் பெயரை மறைத்துக் காட்டினால் அப்படித்தான் எழுதியிருப்பார்கள். ஒரு மனிதரின் பழக்கத்தைச் சொல்ல ஒரு இன்னிங்ஸின் சக்கரம் போதாது, பல இன்னிங்ஸ்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். அப்படி வைத்துப் பார்த்தால் வேறொரு பிரச்சினை முளைக்கும். சிட்னி மாதிரியான தனி முடிவுகள் அந்தக் கூட்டத்தில் கரைந்து போகும். எதைத் தேடுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் எந்தப் படத்தை எடுப்பது.

இரண்டாவது காரணத்தை எப்படிச் சோதிப்பது? இதற்குச் சிட்னியில் அருமையான வாய்ப்பு ஒன்று இருந்தது. எதிர்முனையில் வி.வி.எஸ். லக்ஷ்மண் நின்றார். இந்தியா மூன்று விக்கெட்டுக்கு 194 எடுத்திருந்தபோது இருவரும் சேர்ந்தார்கள், லக்ஷ்மண் போகும்போது ஸ்கோர் 547. 353 ரன் கூட்டணி. அதே பிட்ச், அதே வெயில், அதே பிரெட் லீ, ஜேசன் கில்லெஸ்பி, நேதன் பிராக்கென், ஸ்டூவர்ட் மெக்கில். லக்ஷ்மண் எடுத்தது 178. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே வந்த பந்துகளை அவர் தயங்காமல் கவர் வழியாக ஓட்டிக்கொண்டிருந்தார். இருவரும் வலக்கை ஆட்டக்காரர்கள். ஆக அந்தப் பக்கம் அடிக்கக்கூடிய பந்துகள் அன்று வந்துகொண்டுதான் இருந்தன. ஒரு சக்கரத்தின் காலியிடத்தைப் புரிந்துகொள்ள மிக நல்ல வழி, அதே நேரத்தில் எதிர்முனையில் நின்றவரின் சக்கரத்தைப் பக்கத்தில் வைப்பதுதான். டிவியில் கூட்டணி முடியும்போது இரண்டு படங்களையும் சேர்த்துக் காட்டினால் தவறவிடாதீர்கள்.

இந்த ஒப்பீட்டிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. கேப்டன் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு திட்டம் வைத்திருப்பார், ஒருவருக்கு வெளியே போடச் சொல்வார், இன்னொருவருக்கு நேராக. அதனால் இருவருக்கும் வந்த பந்துகள் ஒன்றேதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ரன் எடுத்த படத்தோடு, பந்து எங்கே விழுந்தது என்று காட்டும் பிட்ச் மேப்பையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த ஓட்டை அடைபடும். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே புள்ளிகள் அடர்ந்து, கவரில் கோடுகள் இல்லை என்றால், மூன்றாவது காரணம்தான் என்று நம்பலாம்.

அந்த மூன்றாவது காரணம், ஆட மறுத்தது, வேகன் வீலில் எங்கேயும் பதிவாவதில்லை. படத்தின் பெரிய குறை இதுதான் என்று நினைக்கிறேன். எவ்வளவு பெரிய குறை என்பதை டெண்டுல்கரின் கணக்கே காட்டும். 33 பவுண்டரியில் 132 ரன் வந்தது. மீதி 109 ரன். அந்த 109உம் ஒற்றை ஒற்றை ரன்னாகவே எடுத்தார் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், ரன் வந்த பந்துகள் 33உம் 109உம் சேர்ந்து 142தான். உண்மையில் இரண்டு, மூன்று ரன்களும் இருந்திருக்கும் என்பதால் இன்னும் குறைவு. அவர் சந்தித்தது 436. ஆக குறைந்தது 294 பந்துகளுக்குப் படத்தில் கோடே கிடையாது. மூன்றில் இரண்டு பங்கு பந்துகள். நாம் பார்த்து வியந்த சக்கரம் அந்த இன்னிங்ஸின் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

அந்த 294இல்தான் இன்னிங்ஸின் உயிர் இருந்தது. வெளியே போன பந்துகளுக்கு மட்டையை உயர்த்திவிட்டுக் கீப்பரிடம் போக விட்டார். மீண்டும் விட்டார். பந்துவீச்சாளர் எத்தனை நேரம்தான் ஆடாத பந்தையே வீசிக்கொண்டிருப்பார்? கொஞ்சம் கொஞ்சமாக நேர்கோட்டுக்கு வருவார். ஸ்டம்பை நோக்கியோ காலை நோக்கியோ வந்த பந்து டெண்டுல்கருக்கு மிட்விக்கெட்டில் நான்கு. படத்தின் வலப்பக்கம் அடர்ந்திருந்தது, இடப்பக்கத்தில் அவர் விட்ட பந்துகளால் விளைந்தது. கோடு விழாத பந்துகள் கோடு விழும் பந்துகளைக் கூட்டி வந்தன. அந்த இன்னிங்ஸில் பிரெட் லீ 201 ரன் கொடுத்தார்.

மார்கழி விடிகாலையில் இது எனக்கு அரைகுறையாகத்தான் புரிந்தது. ஒரு பழைய நோட்டில் நானே முட்டை வடிவில் ஒரு மைதானம் வரைந்து கோடு போட ஆரம்பித்தேன். ரன்னுக்குக் கோடு, கோட்டின் முனையில் ரன் எண். தடுத்து ஆடிய பந்துக்கு, அது போய் நின்ற இடத்தில் ஒரு புள்ளி. ஆடாமல் விட்ட பந்துக்கு, பேட்டருக்குப் பக்கத்தில் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே ஒரு சின்னப் பெருக்கல் குறி. அரை மணி நேரத்தில் இடப்பக்கம் பெருக்கல் குறிகளால் நிரம்பிவிட்டது. திரையில் காலியாகத் தெரிந்த அதே பக்கம்! காபி கொண்டுவந்த அம்மா எட்டிப் பார்த்து, “என்னடா இது, கோலப்புள்ளி மாதிரி வெச்சிருக்க, கோட்ட ஒரு பக்கமா இழுத்திருக்க?” என்று கேட்டார். பார்த்தால் அப்படித்தான் இருந்தது.

இப்படி ஒருமுறை போட்டுப் பார்க்கப் பரிந்துரைக்கிறேன். முழு இன்னிங்ஸ் வேண்டாம், பத்து ஓவர் போதும். வட்டத்தை எட்டுத் துண்டாக மெல்லிய கோட்டால் பிரித்துக்கொள்ளுங்கள். வேகப்பந்துக்கு ஒரு நிறப் பேனா, சுழலுக்கு இன்னொன்று. இந்த நிறப் பிரிவு எதற்கென்றால், எல்லாப் பந்துவீச்சாளருக்கும் சேர்த்துப் போட்ட சக்கரம் இரண்டு வேறு கதைகளை ஒன்றாகக் கலந்துவிடும். மெக்கில் போன்ற லெக் ஸ்பின்னரின் பந்து வலக்கை ஆட்டக்காரரின் காலோரத்தில் விழுந்தால் லெக் சைடில் திருப்பிவிடத் தோன்றும். வேகப்பந்தை லெக் சைடில் திருப்புவதற்குத் தேவைப்படும் மணிக்கட்டு வேலை வேறு. கலந்த படத்தில் இரண்டும் மிட்விக்கெட் கோடுகள்தான். இன்று இணையத்தில் கிடைக்கும் வேகன் வீல்களில் பந்துவீச்சாளர் பெயரைத் தேர்ந்தெடுத்துத் தனியாகப் பார்க்கும் வசதி பல இடங்களில் உண்டு. முதலில் அதை அழுத்திப் பாருங்கள்.

கோட்டின் கோணத்தில் ரொம்ப நுணுக்கம் பார்க்க வேண்டாம். பெரும்பாலும் ஒருவர் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே திரையில் உள்ள வட்டத்தில் பந்து போன இடத்தைத் தொட்டுப் பதிவு செய்வதுதான் நடைமுறை. எக்ஸ்ட்ரா கவருக்கும் கவருக்கும் நடுவே சில பாகை தவறலாம். அதே போல் பேட்டில் படாமல் வந்த பை, லெக் பை ரன்கள் பேட்டரின் கணக்கில் சேராததால் படத்திலும் வராது.

ஒன்றை மட்டும் இன்னும் சொல்ல வேண்டும், இது ஃபீல்டிங் கேப்டனின் பக்கம். அந்தச் சக்கரத்தை ஆஸ்திரேலியக் கேப்டன் ஸ்டீவ் வா கையில் இரண்டாம் நாள் இடைவேளையில் கொடுத்திருந்தால் என்ன செய்திருக்கலாம்? அவருடைய கடைசி டெஸ்ட் அது. முதலில் தோன்றுவது, கவரில் நிற்பவரை எடுத்து லெக் சைடில் போடுவது. காலியாக இருக்கும் பக்கத்தில் காவல் எதற்கு? ஆனால் கவர் காலியாக இருந்ததற்கு அங்கே ஆள் நின்றதும் ஒரு பங்குக் காரணமாக இருக்கலாம். அவரை எடுத்ததும் அந்தப் பக்கம் ஒற்றை ரன்களுக்குத் திறந்து போகும். ஆளை எடுத்துவிட்டுப் பந்துவீச்சாளரைத் தொடர்ந்து ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போடச் சொல்வதும் அப்போது ஆபத்து. நேராகப் போடச் சொன்னால் டெண்டுல்கர் எதிர்பார்த்த பந்தையே கொடுப்பதாகும். லெக் சைடில் ஆட்களைக் குவிக்கவும் எல்லை உண்டு, ஸ்கொயர் லெக் கோட்டுக்குப் பின்னால் இரண்டு பேருக்கு மேல் நிறுத்த விதி அனுமதிக்காது. ஆக நேற்று எங்கே ரன் போனது என்று காட்டும் படம், நாளை எங்கே ஆளை நிறுத்துவது என்று சொல்லிவிடாது. ஃபீல்டரை நகர்த்திய கணத்திலேயே அது வேறொரு ஆட்டத்தின் படமாகிவிடுகிறது.

இந்தியா ஏழு விக்கெட்டுக்கு 705 எடுத்து டிக்ளேர் செய்தது. ஆட்டம் டிரா, தொடர் 1-1. இரண்டாவது இன்னிங்ஸிலும் டெண்டுல்கர் ஆட்டமிழக்கவில்லை, 60. என் நோட்டில் அந்த அறுபதுக்கும் ஒரு வட்டம் வரைந்து வைத்தேன். அதில் கோடு போடுவதற்கு முன்பே, இடப்பக்க ஓரத்தில் பெருக்கல் குறிகளுக்கென்று கொஞ்சம் இடம் விட்டிருந்தேன்.